மாத ஸ்லைடில் நான்கு எண்கள், நான்கு அம்புகள்: அம்பு எதைக் காட்டுகிறது?

மாதக்கணக்கு | 6 மார்ச் 2024, இரவு 9.40

திருப்பூரில் ஒரு பின்னலாடைத் தொழிற்சாலையில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். மாதந்தோறும் 5-ஆம் தேதி முதலாளிக்கும் பிரிவுத் தலைவர்களுக்கும் ஒரே ஒரு ஸ்லைடு காட்ட வேண்டும். அதில் நான்கு கட்டங்கள்: தையல் லைன்களின் எஃபிஷியன்சி, நூறு உருப்படிக்கு எத்தனை குறை என்ற டி.எச்.யு., தேதி தவறாமல் போன ஷிப்மென்ட், வேலைக்கு வராதோர். ஒவ்வொரு கட்டத்திலும் அந்த மாத எண், அதன் பக்கத்தில் ஓர் அம்பு, கீழே இலக்கு.

பிப்ரவரி எண்கள்: எஃபிஷியன்சி 52, இலக்கு 58. டி.எச்.யு. 8.4, இலக்கு 6. ஷிப்மென்ட் 91, இலக்கு 95. வராதோர் 9, இலக்கு 6. ஜனவரியில் இதே வரிசையில் 49, 7.7, 94, 14.

நேற்றைய கூட்டத்தில் தையல் மேற்பார்வையாளர் அம்மா எழுந்து, "டி.எச்.யு. போன மாதத்தைவிடக் கூடியிருக்கிறது, அம்பு ஏன் கீழே பார்க்கிறது?" என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அறைக்கு வந்து பழைய ஸ்லைடுகளை எடுத்துப் பார்த்தால், ஆறு மாதமாக நான்கு அம்புகளும் ஒரே மாதிரிதான் நிற்கின்றன. எஃபிஷியன்சிக்குப் படுத்த மஞ்சள், டி.எச்.யு.வுக்குக் கீழ்நோக்கிய சிவப்பு, ஷிப்மென்ட்டுக்கு மேல்நோக்கிய பச்சை, வராதோருக்குக் கீழ்நோக்கிய சிவப்பு. எண்கள் மாறிக்கொண்டே இருந்தும் அம்புகள் ஏன் அசையவில்லை? எக்ஸெலில் `Icon Sets` வழியாகத்தான் போட்டேன்.

வடிவமைப்பு ஆர்வலர் | 6 மார்ச், இரவு 10.15

பவர்பாயிண்டில் `Insert`, பிறகு `Shapes` என்று போனால் அம்பு வடிவங்கள் கிடைக்கும். வேண்டிய பக்கம் திருப்பி, வேண்டிய நிறம் கொடுத்துக்கொள்ளலாம். எக்ஸெல் அம்புகள் சிறிதாகவும் மங்கலாகவும் இருக்கும், பெரிய திரையில் எடுபடாது.

மாதக்கணக்கு | 6 மார்ச், இரவு 10.22

அம்பு எப்படித் தெரிகிறது என்பது என் கேள்வி அன்று. எந்தக் கணக்கின்படி அது திரும்புகிறது என்று கேட்கிறேன். கையால் திருப்பினால் ஒவ்வொரு மாதமும் நான் சரியாகத் திருப்பினேனா என்பதற்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது.

ஓய்வுபெற்ற ஐ.இ. | 7 மார்ச், காலை 6.05

நான்கு எண்களையும் ஒரே நிரலில் வைத்து, நான்கையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து அம்பு விதியைப் போட்டிருப்பீர்கள். அந்த விதிக்குப் போன மாதம் என்று ஒன்று இருப்பதே தெரியாது. தேர்ந்தெடுத்த கட்டங்களில் எது மிகச் சிறியது, எது மிகப் பெரியது என்று பார்த்து, இடைப்பட்ட தூரத்தை மூன்றாகப் பிரித்துக்கொள்கிறது. `Manage Rules` போய் `Edit Rule` திறந்தால் 67, 33 என்ற இரண்டு எண்களும் பக்கத்தில் `Percent` என்ற சொல்லும் இருக்கும்.

உங்கள் பிப்ரவரி எண்களில் சிறியது 8.4, பெரியது 91, இடைவெளி 82.6. அதில் 33 சதவீதம் ஏறினால் 35.7 வரும், 67 சதவீதம் ஏறினால் 63.7 வரும். ஷிப்மென்ட் 91 மேல் பகுதியில் இருப்பதால் பச்சை பெற்றது. எஃபிஷியன்சி 52 நடுவில் விழுந்ததால் படுத்த மஞ்சள். 8.4, 9 இரண்டும் அடியில் கிடப்பதால் சிவப்பு. ஜனவரி எண்களை இட்டுப் பாருங்கள், அதே விடைதான் வரும். டி.எச்.யு. 3 ஆனாலும் 12 ஆனாலும் 91-க்குப் பக்கத்தில் அது சின்ன எண்தான்.

ஆறு மாதமாக அந்த அம்புகள் சொல்லிவந்தது, ஷிப்மென்ட் எண் டி.எச்.யு. எண்ணைவிடப் பெரியது என்பதை மட்டுமே.

மாதக்கணக்கு | 7 மார்ச், காலை 8.50

விதியைத் திறந்து பார்த்தேன், நீங்கள் சொன்னபடியே 67, 33, `Percent` இருக்கின்றன. ஷிப்மென்ட் 94-லிருந்து 91-க்கு இறங்கிய மாதத்தில் நான் பச்சை மேலம்பு காட்டியிருக்கிறேன். பொங்கலுக்குப் பின் ஆட்கள் திரும்பி, வராதோர் 14-லிருந்து 9-ஆகக் குறைந்த மாதத்தில் சிவப்பு காட்டியிருக்கிறேன். அந்தச் சிவப்பைப் பார்த்துத்தான் கூட்டத்தில் பணியாளர் பிரிவு அதிகாரியிடம் விளக்கம் கேட்டார்கள். அவரிடம் நேரில் போய்ச் சொல்ல வேண்டும்.

எக்ஸெல் பயிற்சியாளர் | 7 மார்ச், காலை 11.30

இதற்குத் தீர்வு எளிது. டி.எச்.யு., வராதோர் இரண்டும் குறைந்தால் நல்லது என்ற வகை. அவற்றுக்கு மட்டும் விதியில் `Reverse Icon Order` என்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும், எல்லாம் சரியாகிவிடும்.

ஓய்வுபெற்ற ஐ.இ. | 7 மார்ச், மதியம் 1.10

பாதிதான் சரியாகும். முதலில், நான்கும் ஒரே விதிக்குள் இருக்கும்வரை எதைத் தலைகீழாக்கினாலும் ஒப்பீடு தவறாகவே இருக்கும். ஆகவே வித்தியாசத்தைத் தனி நிரலில் கணக்கிட வேண்டும். போன மாதம் B, இந்த மாதம் C என்றால்:

```
=SIGN(C2-B2)
```

விடை 1, 0, -1 என்று வரும். விதியில் `Percent` என்பதை `Number` ஆக்கி, முதல் எல்லைக்கு 1, இரண்டாவதற்கு 0 கொடுத்தால் அம்பு உண்மையான திசையைக் காட்டும்.

இரண்டாவது, எக்ஸெலின் வண்ண அம்புகளில் பச்சை என்றால் மேலே, சிவப்பு என்றால் கீழே. பச்சைக் கீழம்பு அந்தத் தொகுப்பில் கிடையாது. தலைகீழாக்கினால் டி.எச்.யு. குறைந்த மாதத்தில் பச்சை மேலம்பு வரும். எண் இறங்கியிருக்க அம்பு ஏறும், அந்த அம்மா மறுபடியும் அதே கேள்வியைக் கேட்பார்.

எக்ஸெல் பயிற்சியாளர் | 7 மார்ச், மாலை 4.00

தனி நிரல் வேண்டும் என்பதை ஏற்கிறேன், அதை நான் கவனிக்கவில்லை. இரண்டாவதில் எனக்கு உடன்பாடு இல்லை. முதலாளி பார்க்க விரும்புவது நிலைமை முன்னேறியதா பின்னடைந்ததா என்பதைத்தான். மேலம்பு என்றால் முன்னேற்றம் என்று எல்லாக் கட்டத்துக்கும் ஒரே பொருள் வைத்து, அதை ஸ்லைடின் அடியில் ஒரு வரியாக எழுதிவிட்டால் குழப்பம் இராது.

திசையும் நிறமும் தனித்தனியாக வேண்டும் என்போர் `SIGN` இல்லாமல் `=C2-B2` என்று போட்ட வித்தியாச நிரலுக்கு இந்த எண் வடிவத்தைக் கொடுக்கலாம். டி.எச்.யு. போன்றவற்றுக்கு:

```
[Red]"▲" 0.0;[Color10]"▼" 0.0;"▬"
```

எஃபிஷியன்சி, ஷிப்மென்ட் இரண்டுக்கும் நிறங்களை இடம் மாற்றிக்கொள்ளுங்கள்.

நூற்பாலை நிர்வாகி | 7 மார்ச், இரவு 8.20

என் கோப்பிலும் இந்த அம்புகள் உண்டு. இழையைப் படித்ததும் திறந்து பார்த்தேன். என்னிடம் சதவீதங்கள் 52% என்று உள்ளிடப்பட்டவை, அதாவது எக்ஸெலுக்குள் 0.52. ஒரே ஓர் எண் மட்டும் சதவீதமாக இல்லாமல் 8 என்று இருந்தது. அதற்கு எப்போதும் பச்சை மேலம்பு, மற்ற மூன்றுக்கும் எப்போதும் சிவப்பு. அந்த மூன்று பிரிவினரும் ஓராண்டாகக் கூட்டத்தில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது.

மாதக்கணக்கு | 8 மார்ச், இரவு 9.15

தனி நிரல் போட்டு ஒரு வருடத்து ஸ்லைடுகளையும் மறுபடி செய்து பார்த்தேன். அம்புகள் இப்போது அசைகின்றன, ஆனால் வேறு சிக்கல் தலைதூக்குகிறது. சென்ற மார்ச் முதல் இந்த பிப்ரவரி வரை டி.எச்.யு. இப்படி:

7.8, 8.4, 7.5, 8.1, 8.9, 7.9, 8.3, 7.6, 8.6, 8.0, 7.7, 8.4

பதினொரு அம்புகளில் ஆறு மேலே, ஐந்து கீழே. ஒரு மாதம் பாராட்டு, மறு மாதம் கண்டிப்பு என்று கூட்டம் நடந்திருக்கும். உண்மையில் ஏதாவது மாறியதா என்று கேட்டால், எனக்கு ஒன்றும் மாறியதாகத் தெரியவில்லை.

விடுதிக் காப்பாளர் | 8 மார்ச், இரவு 10.40

வராதோர் எண்ணுக்குப் போன மாதத்தோடு ஒப்பிடுவதே தவறு. பொங்கல், தீபாவளி மாதங்களில் எங்கள் விடுதியே காலியாகிவிடும். பீகார்ப் பிள்ளைகள் தீபாவளிக்கு ஊர் போனால் சட் பூஜை முடித்துத்தான் வருவார்கள். எல்லா எண்களையும் போன வருடத்து இதே மாதத்தோடு ஒப்பிடுங்கள்.

ஓய்வுபெற்ற ஐ.இ. | 9 மார்ச், காலை 6.20

வராதோருக்கு அது நல்ல யோசனை, பண்டிகை ஆண்டுதோறும் திரும்ப வருகிறது. ஆனால் தீபாவளி சில ஆண்டு அக்டோபரிலும் சில ஆண்டு நவம்பரிலும் விழும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். டி.எச்.யு.வுக்குப் பண்டிகை இல்லை. அதைப் போன வருடத்தோடு ஒப்பிட்டாலும் இரண்டு தனிப் புள்ளிகளின் வித்தியாசம்தான் கிடைக்கும்.

டி.எச்.யு.வுக்கு நான் செய்து வந்த கணக்கைச் சொல்கிறேன். பன்னிரண்டு மாதச் சராசரி 8.1. அடுத்தடுத்த மாதங்களுக்கு இடையிலான வித்தியாசங்களைக் கூட்டல் கழித்தல் குறி பாராமல் எடுத்தால் 0.6, 0.9, 0.6 என்று பதினொன்று வரும், அவற்றின் சராசரி 0.69. அதை 2.66-ஆல் பெருக்கினால் 1.84. சராசரிக்கு மேலே 1.84, கீழே 1.84 என்று இரண்டு கோடு போடுங்கள்: 9.94, 6.26. உங்கள் பன்னிரண்டு புள்ளிகளும் இந்த இரண்டு கோட்டுக்குள் அடங்குகின்றன. இது வால்டர் ஷூவார்ட் 1920-களில் தொடங்கி வைத்த முறையின் ஒரு வடிவம்.

இதன் பொருள், 7.7-லிருந்து 8.4 ஆனதற்குத் தனிக் காரணம் தேடுவது வீண். இதே ஆட்கள், இதே இயந்திரங்கள், இதே செக்கிங் முறை இருக்கும்வரை டி.எச்.யு. 6.26-க்கும் 9.94-க்கும் நடுவில் தானாக ஆடிக்கொண்டிருக்கும்.

இப்போது இலக்கைப் பாருங்கள். 6 என்பது கீழ்க்கோட்டுக்கும் கீழே இருக்கிறது. வேலை செய்யும் முறையை மாற்றாமல் எவ்வளவு கண்டித்தாலும் அந்த இலக்கு கைக்கு எட்டாது.

மாதக்கணக்கு | 9 மார்ச், காலை 9.30

அந்தக் கடைசி வரியை நான்கு முறை படித்தேன். 6 என்ற இலக்கு ஒரு பையரின் தணிக்கையில் சொல்லப்பட்டது, நாங்கள் அப்படியே ஸ்லைடில் எழுதிவிட்டோம். எங்களால் முடியுமா என்று யாரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

எக்ஸெல் பயிற்சியாளர் | 9 மார்ச், மதியம் 12.15

டி.எச்.யு. 8.4 என்றால் நூறு உருப்படியில் எட்டு, ஒன்பது உருப்படி குறையுள்ளவை. அவ்வளவு பெரிய எண்ணிக்கையா?

செக்கிங் பிரிவு | 9 மார்ச், மதியம் 2.50

அப்படி இல்லை. ஒரு சட்டையில் கழுத்து ரிப்பில் தையல் விட்டிருந்து, அடிமடிப்பில் தையல் தவறியிருந்து, எண்ணெய்க் கறையும் இருந்தால் மூன்று குறை என்று எண்ணுவோம். சட்டை ஒன்றுதான். ஆகவே 8.4 குறை என்பது ஐந்து சட்டையிலும் இருக்கலாம், எட்டிலும் இருக்கலாம்.

இலக்கைப் பற்றி என் அனுபவத்தைச் சொல்ல வேண்டும். முன்பு நான் வேலை செய்த ஓர் இடத்தில் டி.எச்.யு. சுவரில் எழுதி வைக்கப்பட்டு, இலக்குக்கு மேல் போன லைன் மேற்பார்வையாளரை மாலையில் நிற்க வைத்தார்கள். இரண்டு மாதத்தில் எண் நன்றாகக் குறைந்தது. செக்கிங் பெண்கள் சிறிய குறைகளைத் தாளில் குறிக்காமல் டெய்லரிடம் கையில் கொடுத்துச் சரிசெய்து வாங்கத் தொடங்கியிருந்தார்கள். தாளில் குறை இல்லை, ஆனால் திருத்த வேண்டிய ஆல்ட்டர் மூட்டை அதே அளவில் போய் வந்துகொண்டிருந்தது. பையர் தரப்பில் வந்து 2.5 ஏ.க்யூ.எல். என்ற ஏற்பு வரம்பில் கடைசிச் சோதனை செய்தபோது முன்போலவே சில ஆர்டர்கள் தேறவில்லை. இப்படிப்பட்ட எண்ணுக்குப் பச்சை அம்பு போடும் முன், ஆல்ட்டர் எண்ணிக்கையும் கடைசிச் சோதனை முடிவும் அதே திசையில் போகின்றனவா என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

மாதக்கணக்கு | 10 மார்ச், இரவு 9.00

ஆல்ட்டர் எண்ணிக்கை எங்களிடம் தனி நோட்டில் இருக்கிறது, அதை எடுத்து டி.எச்.யு.வோடு வைத்துப் பார்த்தேன். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே ஏறி இறங்குகின்றன. எங்கள் செக்கிங் தாளை நம்பலாம் என்பதில் எனக்கு நிம்மதி.

அம்புக்கான கணக்கையும் மாற்றிவிட்டேன். மேல்கோடு F, கீழ்க்கோடு G:

```
=IF(C2>F2,1,IF(C2<G2,-1,0))
```

வண்ண அம்புக்குப் பதிலாகச் சாம்பல் நிற அம்புத் தொகுப்பைப் போட்டேன். திசையை மட்டும் அம்பு சொல்லும், இலக்கை எட்டியதா இல்லையா என்பதை எண்ணின் நிறம் சொல்லும்.

ஓய்வுபெற்ற ஐ.இ. | 11 மார்ச், காலை 6.10

எஃபிஷியன்சிக்கு இந்தக் கோடுகளை அப்படியே போடுவதற்கு முன் கொஞ்சம் நில்லுங்கள். முப்பது டெய்லர், 480 நிமிடம் என்றால் ஒரு நாளைக்கு 14,400 நிமிடம். ஆறு நிமிட டி-ஷர்ட் 1,200 தைத்தால் 7,200 நிமிட வேலை, ஐம்பது சதவீதம். ஒரே ஸ்டைல் மாதம் முழுக்க ஓடினால் கை பழகி இது ஏறும். ஒரு மாதத்தில் ஐந்து சிறிய ஆர்டர்கள் வந்து, ஒவ்வொன்றுக்கும் லைன் மாற்றினால், முதல் இரண்டு மூன்று நாள் உற்பத்தி படுத்துவிடும். அந்த மாதத்தில் டெய்லர்கள் சோம்பேறிகள் ஆகவில்லை. எஃபிஷியன்சிக் கட்டத்தின் அடியில் அந்த மாதம் எத்தனை முறை ஸ்டைல் மாறியது என்று சின்ன எழுத்தில் போடுங்கள். அது இல்லாமல் 49-லிருந்து 52 ஆனதை யாராலும் படிக்க முடியாது.

மாதக்கணக்கு | 14 மார்ச், இரவு 10.30

புதிய ஸ்லைடை முதலாளியிடம் தனியாகக் காட்டினேன். பழைய அம்புகள் தவறு என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. ஆனால், "இப்போது நான்கும் படுத்த அம்பாகவே இருக்கின்றன. எதுவும் நடக்கவில்லை என்று சொல்வதற்கு ஓர் அம்பு எதற்கு?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை, அவர் கேட்டது நியாயமான கேள்வி என்றே எனக்குப் படுகிறது.

எக்ஸெல் பயிற்சியாளர் | 15 மார்ச், காலை 10.00

இதைத்தான் நான் அஞ்சினேன். பார்ப்பவருக்கு மாதத்துக்கு ஓர் அசைவாவது தெரிய வேண்டும், இல்லையென்றால் மூன்றாவது மாதம் ஸ்லைடைப் பார்ப்பதையே விட்டுவிடுவார்.

செக்கிங் பிரிவு | 15 மார்ச், மாலை 6.45

பொய்யான அசைவைக் காட்டுவதைவிட அது மேல். அந்த அம்பு மேலே போன மாதம் திட்டு வாங்குவது நாங்கள்.

ஓய்வுபெற்ற ஐ.இ. | 16 மார்ச், காலை 6.00

அம்பை எடுத்துவிட்டுப் பன்னிரண்டு மாதக் கோட்டை அந்தக் கட்டத்திலேயே போடுங்கள். எக்ஸெலில் `Insert` பட்டியலில் `Sparklines` இருக்கிறது, ஒரே கட்டத்துக்குள் அடங்கும். ஏற்ற இறக்கமும் தெரியும், அது வழக்கமான ஆட்டம்தான் என்பதும் கண்ணுக்கே தெரியும். மேல்கோடு, கீழ்க்கோட்டை அதற்குள் வரைய முடியாது என்பது ஒரு குறை, அவை வேண்டுமென்றால் முழு வரைபடம்தான் போட வேண்டும்.

மருத்துவமனைத் தரப்பிரிவு | 18 மார்ச், மதியம் 3.30

எங்கள் ஸ்லைடில் நான்காவது எண் படுக்கை நிரம்பிய விகிதம். அது குறைந்தால் நிர்வாகத்துக்குக் கவலை, நூறை நெருங்கினால் அவசரப் பிரிவில் வந்தவர்களைப் படுக்க வைக்க இடமில்லை. மேலம்பு நல்லதா, கீழம்பு நல்லதா என்று இதற்கு எப்படித் தீர்மானிப்பது?

மாதக்கணக்கு | 18 மார்ச், இரவு 9.10

எங்களிடம் அப்படி ஓர் எண் இல்லாததால் அனுபவத்தில் சொல்ல முடியவில்லை. ஒற்றை இலக்குக்குப் பதிலாக இதற்குமேல் போகக் கூடாது, இதற்குக்கீழ் இறங்கக் கூடாது என்று இரண்டு எல்லைகளை எழுதலாம் என்று தோன்றுகிறது. அப்போது உள்ளே, வெளியே என்பதே போதும், அம்பு தேவைப்படாது. வேறு யாராவது செய்திருந்தால் எழுதுங்கள்.

மாதக்கணக்கு | 6 ஏப்ரல், இரவு 9.50

மார்ச் மாதக் கூட்டம் நேற்று முடிந்தது. நான்கு கட்டங்களிலும் அம்புக்குப் பதிலாகப் பன்னிரண்டு மாதக் கோடு போட்டிருந்தேன். டி.எச்.யு. கட்டத்தின் அடியில், "இப்போதைய முறையில் எதிர்பார்க்கக்கூடியது 6.3 முதல் 9.9 வரை, இலக்கு 6" என்று ஒரு வரி எழுதினேன். முதலாளி அந்த வரியைப் படித்துவிட்டு, "அப்படியானால் முறையில் எதை மாற்றினால் இறங்கும்?" என்று கேட்டார். கண்டிப்பு இல்லாமல் இந்தக் கட்டத்தைப் பற்றி ஒரு கேள்வி வந்தது இந்தக் கூட்டத்தில்தான்.

அதற்கு மேற்பார்வையாளர் அம்மா பதில் வைத்திருந்தார். ஒரு வாரச் செக்கிங் தாள்களைக் குறை வகைப்படி பிரித்து எண்ணியிருந்தார். அடிமடிப்பில் தையல் தவறுவது மட்டும் மற்ற எந்தக் குறையையும்விட அதிகம். அதிலும் பெரும்பகுதி இரண்டு ஃப்ளாட்லாக் இயந்திரங்களில் இருந்து. ஊசி மாற்றும் இடைவெளியைக் குறைத்து, மெக்கானிக்கைக் கொண்டு லூப்பர் நேரத்தைச் சரிபார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். மார்ச் கடைசி வாரத்தில் இது தொடங்கியது.

மார்ச் டி.எச்.யு. 7.4. பன்னிரண்டு மாதத்தில் இதுவே குறைவு. போன மாதத்தோடு ஒப்பிடும் அம்பாக இருந்தால் பச்சை என்று கொண்டாடியிருப்போம். ஆனால் 6.26-க்கு மேல்தான் இருக்கிறது, ஆகவே முன்னேற்றம் என்று நான் எழுதவில்லை.

ஓய்வுபெற்ற ஐ.இ. | 7 ஏப்ரல், காலை 6.15

எழுதாதது சரி. கோட்டைத் தாண்டாமலே மாற்றம் வந்திருந்தால், தொடர்ந்து எட்டுப் புள்ளிகள் சராசரிக்கு ஒரே பக்கம் விழுவதை வைத்துக் கண்டுபிடிக்கலாம். மாதக் கணக்கில் அதற்கு எட்டு மாதம் காத்திருக்க வேண்டும், அதுவரை யாருக்கும் பொறுமை இராது. டி.எச்.யு.வை மட்டும் வாரக் கணக்கில் எடுங்கள், இரண்டு மாதத்தில் தெரிந்துவிடும். வார எண்கள் மாத எண்களைவிட அதிகம் ஆடும். ஆகையால் பழைய கோடுகளை அப்படியே வைக்காமல், மாற்றத்துக்கு முந்தைய வார எண்களைக் கொண்டு புதிதாகக் கணக்கிட வேண்டும்.

மாதக்கணக்கு | 9 ஏப்ரல், இரவு 8.40

நவம்பர் முதலான வாரத் தாள்கள் கிடங்கில் இருக்கின்றன, நாளை எடுத்து ஏற்றுகிறேன். அதற்கிடையில் ஷிப்மென்ட் எண்ணில் ஒரு சந்தேகம். 91 என்பதை நாங்கள் உருப்படிக் கணக்கில் எடுக்கிறோம், ஓர் ஆர்டரில் பாதி தேதிக்குள் போய்விட்டால் அந்தப் பாதி சரியாகப் போனது என்றே சேர்கிறது. ஆர்டர் கணக்கில் எடுத்தால் பிப்ரவரி 83-தான் வருகிறது. பையர் எதைப் பார்க்கிறார் என்று ஏற்றுமதிப் பிரிவில் இரண்டு பேரிடம் கேட்டேன், இருவரும் வேறு வேறு பதில் சொல்கிறார்கள்.